அனோரெக்ஸியா பிள்ளைக்குச் சாப்பாடு தொடங்கிய முதல் வாரம்: எதை, எப்போது பார்ப்பது

கேள்வி: "மயிலாடுதுறை பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோம்ல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். 15 வயசுப் பொண்ணு, 32 கிலோ, அனோரெக்ஸியா நெர்வோசான்னு எழுதி அட்மிட் பண்ணியிருக்காங்க. பிளட் ரிப்போர்ட் எல்லாம் நார்மல். ஆனா சாப்பாடு குடுக்க ஆரம்பிச்சா ஆபத்துன்னு டாக்டர் சொல்றார். ராத்திரி டூட்டியில நான் ஒருத்திதான். எதை எதை, எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை பாக்கணும்? ஒரு செக்லிஸ்ட் மாதிரி சொல்ல முடியுமா?"

சிஸ்டர், உங்கள் டாக்டர் சொல்வது சரி. நான் தஞ்சாவூரில் குழந்தை மருத்துவம் பார்க்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, ஆனால் எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பிட மறுக்கும் இந்த நோயோடு படுக்கையில் சேர்த்துப் பார்த்த பிள்ளைகள் முப்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். அதனால் கீழே எழுதுவதில் பாதி என் கைப்பழக்கம். மீதி பிரிட்டனின் மனநல மருத்துவர் கல்லூரி 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலிருந்தும், அமெரிக்காவின் வளரிளம் பருவ மருத்துவச் சங்கம் சொல்வதிலிருந்தும் எடுத்துக்கொண்டது. மனநலச் சிகிச்சை என் துறை இல்லை. உடம்பு பிழைத்து நிற்க வேண்டிய முதல் இரண்டு வாரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நீங்கள் பார்க்கும் பெண்ணை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ரிப்போர்ட் எல்லாம் நார்மல்" என்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். நமக்குத் தெரிந்த வாய்க்காலை வைத்தே சொல்லலாம். எல்லா மடையும் மூடியிருக்கும்போது வாய்க்காலில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் மட்டம் நன்றாகத்தான் தெரியும். மடையைத் திறந்து, வெடித்துக் கிடக்கும் வயலில் முதல் தண்ணீர் பாய்ந்ததும் மண் அத்தனையையும் உறிஞ்சிவிடும். கடைமடைக்கு ஒன்றும் போய்ச் சேராது. பட்டினி கிடக்கும் உடம்பும் அப்படித்தான். மாதக் கணக்கில் சாப்பிடாத பிள்ளையின் செல்களுக்குள் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் வற்றிப் போயிருக்கும். ஆனால் இன்சுலின் குறைவாக இருப்பதால் மடை மூடிக் கிடக்கிறது, ரத்தத்தில் அளவு சரியாகவே காட்டும். மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரக்கும், மடை திறக்கும், மூன்றும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் பாய்ந்துவிடும். ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்தால் தசைக்குச் சக்தி கிடைக்காது. மூச்சு இழுக்கும் உதரவிதானமும் தசைதான், இதயமும் தசைதான். இதற்குப் பெயர் ரீஃபீடிங் சிண்ட்ரோம். பெரும்பாலும் சாப்பாடு தொடங்கிய முதல் ஐந்து நாளில் தலைகாட்டும், சிலருக்கு இரண்டாம் வாரம் வரை இழுக்கும். ஆகவே சாப்பாட்டுக்கு முன் எடுத்த ரிப்போர்ட் நார்மலாக இருப்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. அது பிறகு வரும் எண்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் முதல் புள்ளி மட்டுமே.

அடுத்து, அந்த ரிப்போர்ட்டை எடுத்து ஒருமுறை பாருங்கள். அதில் பாஸ்பரஸ் என்று ஒரு வரி இருக்கிறதா? நம் ஊர் லேபுகளில் "எலக்ட்ரோலைட்ஸ்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, மிஞ்சினால் பைகார்பனேட் வரும். பாஸ்பரஸும் மெக்னீசியமும் தனியாக எழுதிக் கேட்டால்தான் செய்வார்கள். எல்லாம் நார்மல் என்று சொல்லப்பட்ட எத்தனையோ ரிப்போர்ட்டில் முக்கியமான அந்த ஒன்றே இல்லாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். சின்ன லேபாக இருந்தால் சாம்பிளைத் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ அனுப்புவார்கள், முடிவு மறுநாள்தான் வரும். அப்படியானால் அந்தப் பிள்ளையை அங்கே வைத்துக்கொண்டு சாப்பாடு தொடங்கலாமா என்பதே முதல் கேள்வி ஆகிவிடுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். இன்னொன்று, ரத்தம் எடுக்கும்போது கட்டை இறுக்கி வெகுநேரம் வைத்தாலோ, ஊசியில் வேகமாக இழுத்தாலோ, சாம்பிள் வெயிலில் பஸ்ஸில் போனாலோ சிவப்பணு உடைந்துவிடும். உடைந்த அணுவிலிருந்து பொட்டாசியமும் பாஸ்பேட்டும் வெளியே கசிந்து, குறைவாக இருப்பதை நார்மலாகக் காட்டும். லேபில் "ஹீமோலைஸ்டு" என்று ஓரத்தில் எழுதியிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம், திரும்ப எடுங்கள்.

ரத்தத்துக்கு முன்பே, பிள்ளை வந்த அரை மணி நேரத்தில் நீங்கள் தனியாகவே பார்த்துவிடக்கூடியவை சில இருக்கின்றன. உயரத்தை அளந்து பி.எம்.ஐ. கணக்கிடுங்கள். பெரியவர்களுக்கான 18.5 என்ற கோடு இங்கே உதவாது. அந்த வயதுப் பெண்களின் நடு அளவோடு ஒப்பிட்டு எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். 15 வயதுப் பெண்ணுக்கு நடு அளவு ஏறத்தாழ 20. அதில் 70 சதவீதத்துக்குக் கீழே, அதாவது பி.எம்.ஐ. 14-க்குக் கீழே என்றால் மிக ஆபத்தான கூட்டம். பிறகு ஐந்து நிமிடம் மல்லாக்கப் படுக்க வைத்து நாடியும் பி.பி.யும் எடுங்கள், எழுந்து நின்ற மூன்றாம் நிமிடம் மறுபடியும் எடுங்கள். நிற்கும்போது நாடி 35-க்கு மேல் ஏறினாலோ, மேல் பி.பி. 20-க்கு மேல் இறங்கினாலோ எழுதி வைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். விழித்திருக்கும்போது நாடி 40-க்குக் கீழே இருந்தால் அதுவும் அப்படியே. காதில் வெப்பம் 35.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக்கூடாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சோதனைக்குக் கருவியே வேண்டாம். தட்டையாகப் படுக்க வைத்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பிறகு குந்த வைத்து, கையை ஊன்றாமல் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், விழுந்துவிடலாம். சுலபமாக எழுந்தால் 3 மதிப்பெண், சிரமப்பட்டு எழுந்தால் 2, கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் 1, எழவே முடியவில்லை என்றால் 0. ஒன்றும் பூஜ்யமும் தசை கரைந்துவிட்டதற்கு அடையாளம். இதைத் தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். நேற்று 2 வாங்கிய பிள்ளை இன்று 1-க்கு இறங்கினால் பாஸ்பேட்டோ பொட்டாசியமோ இறங்குகிறது என்று ரிப்போர்ட் வருவதற்கு முன்பே சந்தேகப்படலாம்.

ஒரு பிள்ளையின் கதையைச் சொன்னால் இந்த எண்கள் எப்படி நகரும் என்பது புரியும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். திருவையாறு பக்கத்துக் கிராமம், பதினோராம் வகுப்புக்குப் போக இருந்த பெண். 155 சென்டிமீட்டர் உயரம், 31 கிலோ. பி.எம்.ஐ. 12.9, நடு அளவில் ஏறத்தாழ 65 சதவீதம். ஐந்து மாதமாக மாதவிடாய் இல்லை. அம்மா சொன்ன ஒரு வரி என் நினைவில் அப்படியே இருக்கிறது: "கோலம் போட உக்காந்தா கையை ஊனித்தான் சார் எந்திரிக்கிறா." மேலே சொன்ன சோதனையை அந்த அம்மா வாசலிலேயே செய்து முடித்திருந்தார். வரும் வழியில் ஒரு கிளினிக்கில் சோர்வுக்கு என்று இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்கள்.

வந்த அன்று மாலை நாடி 46, வெப்பம் 35.4. பாஸ்பரஸ் 4.1, பொட்டாசியம் 3.5, மெக்னீசியம் 1.8. பார்த்தால் குறையே இல்லை. சாப்பாட்டுக்கு முன்பே தயமின் கொடுத்தோம். மாவுச்சத்தை எரிக்க அது இல்லாமல் முடியாது, கையிருப்பும் பட்டினியில் சீக்கிரம் தீர்ந்துவிடும். 100 மில்லிகிராம் தினமும் என்பது வழக்கமான அளவு. பிறகு ஆறு வேளையாகப் பிரித்துச் சிறிது சிறிதாகச் சாப்பாடு. மறுநாள் பாஸ்பரஸ் 3.8. இரண்டாம் நாள் 3.1. அந்த 3.1-ஐப் பார்த்துவிட்டு இரவு டூட்டி டாக்டர் "நார்மல்" என்று டிக் அடித்திருந்தார். லேப் தாளில் 2.5 முதல் 4.5 வரை நார்மல் என்று அச்சாகியிருந்தது. அவர் மேல் தவறில்லை, தாள் அப்படிச் சொன்னது. ஆனால் அது பெரியவர்களுக்கான எல்லை. வளரும் பிள்ளைகளுக்கு இயல்பான அளவே அதைவிடச் சற்று மேலே இருக்கும். அதைவிட முக்கியம், 4.1-லிருந்து 3.1-க்கு இறங்கியது 24 சதவீதச் சரிவு. அமெரிக்காவின் ஆஸ்பென் என்ற ஊட்டச்சத்துச் சங்கத்தின் 2020 வரையறைப்படி ஐந்து நாளுக்குள் இந்த மூன்று உப்பில் எது 10 முதல் 20 சதவீதம் சரிந்தாலும் லேசான ரீஃபீடிங் சிண்ட்ரோம், 20 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் இந்தச் சரிவு கண்ணில் படாது. அதற்குப் பிறகு நான் வார்டில் ஒரு வழக்கம் வைத்தேன். மூன்று உப்புக்கும் மூன்று கோடு, சார்ட்டில் கையால் புள்ளி வைத்து இழுப்பது. எண்ணாகப் பார்க்கும்போது தெரியாத சரிவு கோடாகப் பார்த்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

மூன்றாம் நாள் 2.3. அன்று காலை அந்தப் பெண்ணால் கையை ஊன்றியும் எழ முடியவில்லை. கணுக்காலை அழுத்தினால் பள்ளம் விழுந்தது. ஒரே இரவில் எடை 900 கிராம் ஏறியிருந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம், எனக்குக் கவலை. ஒரு ராத்திரியில் அவ்வளவு சதை போடாது, அத்தனையும் தண்ணீர். இன்சுலின் ஏறும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நாடி 46-லிருந்து 84-க்கு வந்திருந்தது. தாளில் 84 அழகான எண். ஆனால் இப்படி மெலிந்த பிள்ளைக்கு நாடி மெதுவாக ஓடுவதுதான் உடம்பு சிக்கனம் பிடிப்பதற்கு அடையாளம். எடை ஏறித் தேறும்போது நாடி படிப்படியாகத்தான் கூடும். ஒரே நாளில், படுத்திருக்கும்போதே, வழக்கமான எண்ணுக்குத் தாவினால் இதயம் திணறுகிறதா, நெஞ்சில் நீர் கோக்கிறதா, கிருமித் தொற்றா என்று தேட வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம், வெள்ளை அணுவும் ஏறாமல் இருக்கலாம். எனவே உங்கள் சார்ட்டில் நாடி குறைந்தால் மட்டுமல்ல, முந்தைய நாளைவிட 25, 30 கூடினாலும் டாக்டரைக் கூப்பிடுவது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். இந்த 25, 30 என் அனுபவ எண், வழிகாட்டுதல் எதிலும் அச்சிட்டது இல்லை.

அன்று சாப்பாட்டை நிறுத்தவில்லை. பதற்றத்தில் எல்லாரும் செய்யத் தோன்றுவது அதைத்தான், ஆனால் நிறுத்தினால் பட்டினி திரும்பும், சர்க்கரை விழும், மறுபடி தொடங்கும்போது இதே பிரச்சினை முதலிலிருந்து வரும். கலோரியை அதே படியில் ஒரு நாள் நிறுத்தி வைத்தோம். பாஸ்பேட்டை வாய் வழியாகப் பிரித்துக் கொடுத்தோம், மெக்னீசியமும் சேர்த்தோம். மெக்னீசியம் குறைவாக இருக்கும்வரை பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது. நான்காம் நாள் 1.9 வரை இறங்கி, ஆறாம் நாள் 2.6-க்கு ஏறி, ஒன்பதாம் நாள் 3.9-இல் நின்றது. 1-க்குக் கீழே போயிருந்தாலோ, மூச்சு, பிரக்ஞை, இதயத் துடிப்பு எதிலாவது மாற்றம் இருந்திருந்தாலோ நரம்பு வழியாக ஐ.சி.யூ.வில் கொடுத்திருப்போம். அப்படிக் கொடுக்கும்போது கால்சியம் விழும் என்பதால் அதையும் கூடவே பார்க்க வேண்டும்.

இனி உங்கள் இரவு டூட்டிக்கு வருகிறேன். இந்தப் பிள்ளைகளின் நாடி மிகக் குறைவது ஆழ்ந்து தூங்கும் நேரத்தில், பெரும்பாலும் அதிகாலை 2 மணியிலிருந்து 4 மணிக்குள். பகலில் 48 இருப்பது இரவில் 38 ஆகலாம். மானிட்டர் இருந்தால் முதல் வாரம் கழற்றாதீர்கள். இல்லையென்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் 2 மணி ரவுண்டைத் தவறவிடாமல், ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது மெதுவான நாடியில் தப்புக் கணக்குக் காட்டும். 40-க்குக் கீழே இருந்தால் மெல்ல எழுப்புங்கள். பேச்சு தெளிவாக இருக்கிறதா, கை சில்லிட்டிருக்கிறதா, பி.பி. என்ன, சர்க்கரை என்ன என்று பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள், இ.சி.ஜி. எடுத்து வையுங்கள். ஏ.சி.யின் குளிரைக் குறைத்து ஒரு போர்வை கூடுதலாகப் போட்டாலே சிலருக்கு நாடி ஏறும். தெளிவாகப் பேசுகிற பிள்ளைக்கு எண்ணைப் பார்த்த பயத்தில் அட்ரோபின் போட வேண்டியதில்லை.

அந்த 2 மணி ரவுண்டிலேயே விரல் சர்க்கரையும் பாருங்கள். கல்லீரலில் கையிருப்பு இல்லாத பிள்ளைக்கு இரவு நீளமான பட்டினி. ராத்திரி படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் கொடுப்பது இதற்காகவும்தான். சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்தும் ஒருமுறை பாருங்கள். சாப்பாட்டுக்கு இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, சாப்பிட்ட பிறகே சர்க்கரை விழுவது இவர்களிடம் உண்டு, அதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. விரல் சில்லிட்டிருந்தால் கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு எடுங்கள், இல்லையென்றால் மீட்டர் தவறாகக் காட்டும். 60-க்குக் கீழே இருந்து, விழித்துக்கொண்டு விழுங்க முடிந்தால், சர்க்கரை போட்ட பால், பிறகு அரை மணி நேரத்தில் பிஸ்கட்டோ இட்லியோ. மயக்கமாக இருந்தால்தான் நரம்பு வழி. அப்போதும் தயமின் போயிருக்கிறதா என்று டாக்டருக்கு நினைவூட்டுங்கள், அதற்காகக் குளுக்கோஸைத் தாமதப்படுத்த வேண்டாம்.

டிரிப்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் சோர்வு என்றாலே பாட்டில் ஏற்றச் சொல்லித்தான் வீட்டார் கேட்பார்கள். ஐந்து சதவீதக் குளுக்கோஸ் 500 மில்லி பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது, நூறு கலோரிகூட வராது. உணவாக அது ஒன்றுமில்லை. ஆனால் இன்சுலினைத் தட்டி எழுப்ப அது போதும், பதிலுக்குத் தர அதில் ஒரு துளி பாஸ்பேட்கூட இல்லை. அரிசிக் கஞ்சி மட்டும், குளுக்கோஸ் பவுடர், ஜூஸ் என்று வீட்டிலிருந்து வருவதும் ஏறக்குறைய இதே கதைதான். இதற்கு நேர் எதிர் பால். 100 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 90 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. தயிர், முட்டை, பருப்பு, கேழ்வரகிலும் உண்டு. கலோரியில் பாதிக்கு மேல் மாவுச்சத்து போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். சலைன் விஷயமும் இப்படித்தான். பி.பி. 86, நாடி 44 என்று பார்த்ததும் ஷாக் என்று நினைத்து வேகமாக ஏற்றிவிடுகிறார்கள். உடல் மெலியும்போது இதயச் சுவரும் மெலிந்திருக்கிறது, அந்தத் தண்ணீரை அதனால் தள்ள முடியாது, நுரையீரலில் கோத்துவிடும். கை கால் வெதுவெதுப்பாக, பேச்சுத் தெளிவாக, சிறுநீர் போய்க்கொண்டிருந்தால் வாய் வழியாக மெதுவாகக் கொடுத்தால் போதும். உண்மையான ஷாக்காக இருந்தால் டாக்டர் சின்ன அளவாகக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் நெஞ்சைக் கேட்டுவிட்டு அடுத்ததை முடிவு செய்வார்.

இ.சி.ஜி. வந்த அன்றும், உப்பு சரியும் நாட்களில் தினமும் எடுக்க வேண்டும். அதில் கியூ.டி.சி. என்பது ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தின் மின்னோட்டம் தொடங்கி அடங்க எடுக்கும் நேரம், நாடிக்கு ஏற்பத் திருத்திய கணக்கு. அந்த எண் பெண் பிள்ளைகளுக்கு 460 மில்லிசெகண்டுக்கு மேல், பையன்களுக்கு 450-க்கு மேல் போனால் ஆபத்து. மெஷின் அச்சடிக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் டாக்டரை ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பல மெஷின்கள் பயன்படுத்தும் பாசெட் கணக்கு, நாடி மெதுவாக இருக்கும்போது உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். பட்டினி மட்டும் இதை நீட்டுவது அபூர்வம். நீண்டிருந்தால் பொட்டாசியம், மெக்னீசியம் குறைவா, அல்லது நாம் கொடுத்த மருந்தா என்று பாருங்கள். வயிறு உப்புசம், குமட்டல் என்று பிள்ளை சொல்லும், நாம் யோசிக்காமல் டோம்பெரிடோனோ ஆன்டான்செட்ரானோ போட்டுவிடுவோம். இரண்டும் கியூ.டி.யை நீட்டும் மருந்துகள். அசித்ரோமைசினும் அப்படியே. இவர்களுக்கு வயிறு மெதுவாகக் காலியாவது பட்டினியின் விளைவு, சாப்பிடச் சாப்பிட அதுவே சரியாகும்.

எடை தினமும் வேண்டாம் என்பவர்கள் உண்டு, ஆனால் முதல் வாரத்தில் நீர் கோக்கிறதா என்று அறிய எனக்குத் தினமும் தேவை. காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஆஸ்பத்திரி கவுனில், அதே மெஷினில். ஈரத் தலையோடு வேண்டாம், நீளமான முடியில் தண்ணீர் நின்றால் எடை கூடும். பயத்தில் சில பிள்ளைகள் எடை பார்க்கும் முன் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்துவிடுவார்கள். அதைக் குற்றமாகப் பேசாதீர்கள், அது நோய் செய்ய வைப்பது. ஆனால் சோடியம் விழுந்து வலிப்பு வரும் அளவுக்கு அது ஆபத்து. சிறுநீர்ப் பட்டையில் அடர்த்தி எண் 1.005 அல்லது அதற்கும் கீழே இருந்தால் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் யாராவது கூடவே இருப்பது நல்லது. பொட்டாசியம் குறைந்து, பைகார்பனேட் கூடியிருந்தால் ரகசியமாக வாந்தி எடுக்கிறாளோ என்று மென்மையாகக் கேட்க வேண்டியிருக்கும்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதியில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. எத்தனை கலோரியில் தொடங்குவது என்பதில்தான் உண்டு. நான் படித்த காலத்தில் கிலோவுக்கு ஐந்து, பத்து கலோரி என்று பயந்து பயந்து தொடங்கச் சொன்னார்கள். அப்படிச் செய்ததில் ரீஃபீடிங்குக்குப் பயந்து பிள்ளையைப் பட்டினியிலேயே வைத்திருந்தோம் என்பது பிறகு புரிந்தது. 2021-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 12 முதல் 24 வயது வரையானவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 2000 கலோரியிலும் மறு பிரிவுக்கு 1400 கலோரியிலும் தொடங்கினார்கள். 2000-இல் தொடங்கியவர்கள் சராசரியாக மூன்று நாள் முன்னதாகவே உடல்நிலை சீரானார்கள், உப்புச் சரிவு கூடவில்லை. ஆனால் அங்கே தினமும் ரத்தம் பார்த்து, சரிந்த உடனே ஈடுகட்டினார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் அந்த எண்ணை மட்டும் கடன் வாங்கக் கூடாது என்பது என் கருத்து. திருவையாற்றுப் பெண்ணுக்கு நான் 900-இல் தொடங்கினேன். இன்று வந்தால், தினமும் பாஸ்பரஸ் முடிவு மாலைக்குள் கைக்கு வரும் இடமாக இருந்தால், 1400-இல் தொடங்கி நாளுக்கு 200 கூட்டுவேன். பாஸ்பேட் சரியும் முன்பே எல்லாருக்கும் கொடுக்கலாமா என்பதிலும் டாக்டர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 70 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு நான் கொடுக்கிறேன், அதற்கு மேல் இருந்தால் பாலை நம்பித் தினமும் அளக்கிறேன்.

உங்கள் பெண்ணுக்கு வருகிறேன். உயரம் நீங்கள் சொல்லவில்லை. 32 கிலோவுக்கு 152 சென்டிமீட்டர் என்றால் பி.எம்.ஐ. 13.9, 70 சதவீதக் கோட்டை ஒட்டி, சற்றே கீழே நிற்கிறாள். அதற்கு மேல் உயரம் என்றால் இன்னும் கீழே. உங்கள் லேபில் பாஸ்பரஸ், மெக்னீசியம் அன்றன்றே கிடைத்தால், இரவில் மானிட்டர் இருந்தால், முதல் ஐந்து முதல் ஏழு நாள் தினமும், பிறகு பதினாலாம் நாள் வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று ரத்தம் பார்த்து அங்கேயே நடத்தலாம். அது முடியாது என்றாலோ, நாடி 40-க்குக் கீழே, எழுந்து உட்காரும் சோதனையில் 0 அல்லது 1, பொட்டாசியம் 2.5-க்குக் கீழே, கியூ.டி.சி. நீண்டிருப்பது என இவற்றில் ஒன்று இருந்தாலோ, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி போன்ற, குழந்தைகள் ஐ.சி.யூ.வும் மனநலப் பிரிவும் சேர்ந்திருக்கும் இடத்துக்கு அனுப்பச் சொல்லி டாக்டரிடம் பேசுங்கள். அனுப்பும்போது குளுக்கோஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டாம். கூடப் போகும் சீட்டில் தயமின் எத்தனை மணிக்குக் கொடுத்தது, கடைசியாக என்ன, எவ்வளவு சாப்பிட்டாள், சாப்பாடு தொடங்கி இன்று எத்தனையாவது நாள், இந்த மூன்றையும் எழுதிவிடுங்கள். எத்தனையாவது நாள் என்பது தெரியாமல் வரும் பிள்ளையின் பாஸ்பரஸ் எண்ணை வைத்து அங்கிருப்பவர்களால் எதுவும் முடிவு செய்ய முடியாது.